இரண்டு வழியில் வந்த ஒரே மாத்திரை: ஒரு நிகழ்வு ஆய்வு

கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவில் உள்ள ஒரு சிற்றூரில் 28 ஆண்டுகளாகப் பொது மருத்துவராக இருக்கிறேன். எங்கள் தெருக்களில் பல வீடுகளில் இப்போது இரண்டே பேர்தான். இருவருக்கும் எழுபது தாண்டியிருக்கும். பிள்ளைகள் சென்னையிலோ பெங்களூரிலோ கடல் கடந்தோ இருப்பார்கள். அப்படி ஒரு வீட்டில் நடந்ததை, அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

அவர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர், வயது 76. ஊருக்கே 'சார்'. மனைவிக்கு 71. ஒரே மகன் டல்லாஸில் வேலை பார்க்கிறார், 14 ஆண்டுகளாக. பாசத்தில் குறைவைக்காத பிள்ளை. தினமும் நம் நேரம் காலை ஏழரைக்குத் தவறாமல் பேசிவிடுவார். அங்கே அப்போது முந்தின நாள் இரவு ஒன்பது மணி. சாப்பிட்டுவிட்டு, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு, படுக்கப் போகும் முன் அம்மாவையும் அப்பாவையும் ஒருமுறை கேட்டுவிட்டால்தான் தூக்கம் வரும் என்பார்.

செப்டம்பர் மாதம் ஒரு நள்ளிரவில் அப்பா விழுந்தார். மகன் ஒன்பது நாள் கழித்துத்தான் அதைக் கண்டுபிடித்தார். யாரும் சொல்லவில்லை. வீடியோவில் பேசும்போது அப்பா காப்பி டம்ளரை இடது கையில் பிடித்திருந்தார். "வலது கையைக் காட்டுங்கள் அப்பா" என்று கேட்டபோது மாவுக்கட்டு தெரிந்தது.

அதற்கு நான்காம் நாள் மகன் என் அறையில் உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டுவிட்டு ஊருக்கே வந்துவிடப் போவதாகச் சொன்னார். அடுத்த நிமிடம், இருவரையும் அமெரிக்காவுக்கு அழைத்துக்கொண்டு போய்விடுவதாகச் சொன்னார். பிறகு, "நான் கூட இருந்திருந்தால் அப்பா விழுந்திருக்க மாட்டார் டாக்டர்" என்றார். நாற்பத்தைந்து வயது மனிதர் அழுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. ஆறுதல் சொல்லலாம். ஆனால் அந்த வாக்கியம் உண்மையா என்று பார்ப்பதுதான் அவருக்கு நான் செய்யக்கூடிய உதவி என்று பட்டது. வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரைகளையும், தீர்ந்துபோன அட்டைகள் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொன்னேன்.

பையில் இருந்தவை

மஞ்சள் பையைக் கவிழ்த்ததும் மேசை நிறைந்துவிட்டது. பெரும்பாலானவை சத்து மாத்திரைகளும் வலிக்கான தைலங்களும்தான். என் கண் மூன்று அட்டைகளில் நின்றது.

முதலாவது அம்லோடிபின் 5 மி.கி. இரத்த அழுத்தத்துக்காக ஆறு ஆண்டுகளுக்கு முன் நானே எழுதித் தந்தது. கடைத்தெரு மருந்துக் கடையில் கணக்கு உண்டு. மாதா மாதம் கடைப் பையன் கொண்டுவந்து கொடுத்துவிடுவான்.

இரண்டாவது அட்டையின் பெயரைப் பார்த்தால் வேறு மருந்து போலத்தான் இருக்கும். பின்பக்கம் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால்தான் தெரியும்: டெல்மிசார்டான் 40 மி.கி., அம்லோடிபின் 5 மி.கி. அதே அம்லோடிபின், இன்னொன்றோடு சேர்த்து. இது சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனையில் எழுதியது. இணைய மருந்துக் கடை மூலம் டல்லாஸிலிருந்து மகன் பணம் கட்டி, மாதம் தவறாமல் வீட்டு வாசலுக்கு வருவது.

மூன்றாவது ஃபுரோசமைடு 40 மி.கி., ஊரில் எல்லோரும் நீர் மாத்திரை என்று சொல்வது.

இந்த மூன்றும் ஒரே டப்பாவுக்குள் வந்து சேர்ந்த கதையைத் தாயும் மகனும் ஆளுக்கொரு பக்கமாகச் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். மகன் ஜனவரியில் மூன்று வாரம் விடுப்பில் வந்தார். ஆண்டு முழுவதும் செய்ய முடியாததை அந்த 21 நாளில் செய்துவிட வேண்டும் என்ற தவிப்பு. வந்த மூன்றாம் நாளே இரவு ரயிலில் இருவரையும் சென்னைக்கு அழைத்துப் போய் முழு உடல் பரிசோதனை செய்தார். தூக்கமில்லை, இரத்தம் எடுப்பதற்காக வெறும் வயிறு, பழக்கமில்லாத இடம். அழுத்தம் 168/92 காட்டியது. இதே மனிதருக்கு என் அறையில் 140ஐ ஒட்டித்தான் இருக்கும். இப்போது சாப்பிடும் மருந்துகள் என்ற கட்டத்தில் மகன் 'பிரஷருக்கு ஒரு மாத்திரை' என்று நிரப்பினார். பெயர் அவருக்குத் தெரியாது. அட்டை வீட்டில் இருந்தது. புதிய சீட்டு எழுதப்பட்டது. பழையதை நிறுத்த வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. சார் இரண்டையும் போட்டார், பழையது காலையில், புதியது இரவில்.

அதன் பிறகு அவர் என்னிடம் வரவும் இல்லை. பெரிய டாக்டரிடம் மகன் காட்டியிருக்கிறானே, இனி உள்ளூர் டாக்டரிடம் போனால் அவர் என்ன நினைப்பார் என்ற கூச்சம். இதை அவரே பிற்பாடு சொன்னார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. ஏழெட்டு மாதம் அவர் கண்ணில் படவில்லையே, என்ன ஆயிற்று என்று நானும் ஒரு போன் செய்து கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அம்லோடிபின் 10 மி.கி. அளவை எட்டும்போது பலருக்குக் கணுக்கால் வீங்கும். சிறு தமனிகளை அது தளர்த்துவதால் இரத்தத்தின் நீர் சதைக்குள் கசிகிறது. உடம்பில் நீர் அதிகமாகச் சேர்ந்ததால் வரும் வீக்கம் அல்ல இது. இருக்கும் நீர் இடம் மாறி நிற்கிறது, அவ்வளவுதான். சாருக்கு மே மாதம் வீங்கியது. சாயங்காலம் செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் அரை மணி நேரம் மறையாது என்று அம்மா சொன்னார். பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டினார்கள். வீக்கம் என்றதும் நீர் மாத்திரை எழுதப்பட்டது. காலையில் ஒன்று.

காலையில் அதைப் போட்டால் ஆறு மணி நேரத்துக்குச் சிறுநீர் அடிக்கடி வரும். பஸ்ஸில் போக முடியாது, கோயிலில் நிற்க முடியாது, பென்ஷன் வாங்க வங்கி வரிசையில் காத்திருக்க முடியாது. மாணவர்கள் எழுந்து நின்று வணங்கிய மனிதர் நடுத்தெருவில் ஒதுக்கிடம் தேடி நிற்பதா? அவர் மாத்திரையை இரவுக்கு மாற்றிக்கொண்டார். யாரிடமும் சொல்லவில்லை.

அங்கிருந்து இரவுகள் கெட்டன. பகல் முழுவதும் காலில் தேங்கிய நீர், படுத்தவுடன் இரத்தத்துக்குத் திரும்பும். சிறுநீரகம் அதை வெளியேற்றும். அதோடு நீர் மாத்திரையும் சேர்ந்தது. இரவில் நான்கு முறை, ஐந்து முறை எழுந்தார். கழிவறை கொல்லைப்புறத்தில் இருக்கிறது. கூடத்தைத் தாண்டி, தாழ்வாரத்தில் நடந்து, உயரமான ஒரு நிலைப்படியைக் கடந்து போக வேண்டும். இரண்டு மடங்கு அம்லோடிபின், டெல்மிசார்டான், நீர் வற்றிய உடம்பு. எழுந்து நின்றவுடன் அழுத்தம் இறங்காமல் என்ன செய்யும்?

அன்று அவரைப் படுக்கவைத்து ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தேன்: 138/78. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் 114/70. மூன்றாம் நிமிடம் 108/68. "கண் மங்குகிறது" என்று மேசையைப் பிடித்துக்கொண்டார். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் அளவு 20 குறைந்தாலே விழும் ஆபத்து என்று கொள்வோம். இவருக்கு 30. உட்காரவைத்து மட்டும் பார்த்திருந்தால் பிரஷர் நன்றாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பியிருப்பேன். கடந்த மாதங்களில் பார்த்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் சொல்லியிருந்தார்கள்.

தரையில் இரண்டு மணி இருபது நிமிடம்

விழுந்தது அதிகாலை 2.40க்கு. நிலைப்படி தடுக்கவில்லை, தலை சுற்றி, ஊன்றிய கை மணிக்கட்டில் உடைந்தது. அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். தூக்க முயன்று முடியவில்லை. தலையணை கொண்டுவந்து தலைக்குக் கீழே வைத்தார், போர்வையைப் போர்த்தினார், பக்கத்தில் உட்கார்ந்தார். ஐந்து மணிக்குப் பால்காரர் மணி அடித்தபோதுதான் கதவைத் திறந்தார்.

மகனுக்கு இதில் ஒரு விஷயம் முள்ளாகத் தைத்திருந்தது. இங்கே 2.40 என்றால் டல்லாஸில் முந்தின நாள் மாலை 4.10. அலுவலகத்தில், விழித்துக்கொண்டு, கைபேசி மேசைமேல் இருக்க உட்கார்ந்திருந்தார். கூடத்தில் அவர் பொருத்திய கேமரா வாசற்கதவைப் பார்த்துக்கொண்டிருந்தது. கொல்லைப்புறம் அதன் கண்ணுக்கு எட்டாது. அதே நாள் காலை ஏழரைக்கு வழக்கம்போல அழைத்தார். "அப்பா குளிக்கிறார்" என்றார் அம்மா. அப்போது சார் எலும்பு முறிவுப் பிரிவில் எக்ஸ்ரேவுக்குக் காத்திருந்தார். அம்மா வராந்தாவில் நின்று போனை எடுத்திருந்தார்.

ஏன் யாரையும் எழுப்பவில்லை என்று கேட்டேன். எதிர்வீட்டில் கைக்குழந்தை, தூங்குகிறவர்களை எழுப்ப மனமில்லை என்றார். மகன் வெளியே போன பிறகு தயங்கித் தயங்கி உண்மையைச் சொன்னார். விழுந்தபோது சாருக்கு வேட்டியிலேயே சிறுநீர் போய்விட்டது. அந்தக் கோலத்தில் யாரும் அவரைப் பார்க்கக் கூடாது. உடைந்த கையோடு படுத்திருந்தவருக்குத் தரையிலேயே வேட்டி மாற்றி, ஈரத்தைத் துடைத்து, அந்தத் துணியைக் கொண்டுபோய் ஊறவைத்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார். அதற்கு மட்டும் முக்கால் மணி நேரம். பிறகு, விடியப்போகிறதே, பால்காரர் வந்துவிடுவாரே என்று இருந்துவிட்டார்.

"மகனிடம் ஏன் சொல்லவில்லை அம்மா?"

"சொன்னால் அவன் என்ன செய்வான் டாக்டர்? அழுவான். சாப்பிட மாட்டான். உடனே டிக்கெட் எடுப்பான். போன வருஷம் எனக்குச் சாதாரணக் காய்ச்சல் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். ராத்திரி முழுக்க மணிக்கு ஒரு தடவை கூப்பிட்டான். அங்கே அவனுக்கு வேலை இருக்கிறது, குழந்தை இருக்கிறது. இதெல்லாம் சொல்லி அவனை வதைக்கவா?"

இந்த வீட்டில் நான் கண்டதில் முக்கியமானது இதுதான். மகனின் குற்ற உணர்வு, உண்மையைச் சொல்வதன் விலையை ஏற்றிவிட்டிருந்தது. கால் வீங்குகிறது என்ற சின்னச் செய்திக்குக்கூட அந்தப் பக்கம் ஓர் ஆள் உடைந்துபோவார் என்றால், எந்தத் தாய் அதைச் சொல்வாள்? மறைத்தார்கள். மறைக்கிறார்கள் என்ற சந்தேகத்தால் மகனின் தவிப்பு கூடியது. தவிப்பு கூடக் கூட இன்னும் மறைத்தார்கள். தினமும் பேசியும், மே முதல் செப்டம்பர் வரை கால் வீக்கம் பற்றி ஒரு சொல் கூட டல்லாஸுக்குப் போகவில்லை.

பேசிய நேரமும் அப்படி வாய்த்தது. காலை ஏழரை சாருக்கு நாளின் நல்ல வேளை. குளித்து, திருநீறு பூசி, காப்பியோடு உட்கார்ந்திருப்பார். இரவு முழுவதும் படுத்திருந்ததால் கால் வீக்கம் வடிந்திருக்கும். மகன் ஒவ்வொரு நாளும் பார்த்தது அந்த அப்பாவைத்தான்.

கூட இருந்திருந்தால்?

இனி அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். கூட இருந்திருந்தால் விழுந்திருக்க மாட்டாரா? மகனிடம் நேராகச் சொன்னேன்: விழுந்திருக்கலாம். ஒரே வீட்டில் மூன்று தலைமுறை இருக்கும் குடும்பங்களிலும் இதே மாத்திரை இரட்டிப்பாவதைப் பார்த்திருக்கிறேன், இதே போல விழுவதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் தூரத்துக்குப் பங்கே இல்லை என்று பொய்யும் சொல்லவில்லை. இரண்டு இடத்தில் பங்கு உண்டு. ஒன்று, 21 நாளில் கடமையைத் தீர்க்கும் அவசரத்தில் ஒரு புதிய சீட்டு வந்தது. அது இணையக் கடை வழியாக உள்ளூரில் யார் கண்ணிலும் படாமல் தொடர்ந்தது. இன்னொன்று, தரையில் கிடந்த அந்த இரண்டு மணி இருபது நிமிடம். கூட ஒருவர் இருந்திருந்தால் அது பத்து நிமிடமாகியிருக்கும்.

அவர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். "என்னால்தானே அந்த மாத்திரை வந்தது" என்றார். ஆமாம் என்றேன். கொடுமையாகத் தோன்றலாம். ஆனால் 'நான் கெட்ட மகன்' என்ற குற்றச்சாட்டுக்கு எந்த மருந்தும் கிடையாது. 'இரண்டு கடையிலிருந்து மாத்திரை வருகிறது, இரவில் கதவைத் திறக்க ஆளில்லை' என்ற குறைக்கு மறுநாளே வழி உண்டு.

முதலில் மாத்திரை. கால் வீக்கத்துக்கு இதயமோ சிறுநீரகமோ ஈரலோ காரணமில்லை என்று உறுதி செய்துகொண்டேன். மல்லாந்து படுத்தால் மூச்சுத் திணறல் இல்லை, எக்கோவில் கோளாறில்லை, சிறுநீரில் புரதம் இல்லை, இரத்தச் சோதனைகள் சரி. அதன் பிறகுதான் தனி அம்லோடிபினையும் நீர் மாத்திரையையும் நிறுத்தினேன். இதைப் படிக்கும் யாரும் கால் வீங்கியிருக்கிறதென்று வீட்டில் தாமாக நீர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இதயம் பலவீனமானவருக்கு அது உயிர் காக்கும் மருந்து. அம்லோடிபின் மெதுவாகத்தான் வெளியேறும். பாதியளவு போகவே 30 முதல் 50 மணி நேரம், முதியவர்களுக்கு இன்னும் அதிகம். அதனால் இரண்டாம் வாரம்தான் வீக்கம் குறையத் தொடங்கியது. மூன்றாம் வாரம் செருப்புத் தடம் இல்லை. இரவில் எழுவது ஒருமுறை, சில நாள் இரண்டு. நிற்கவைத்துப் பார்த்தால் அழுத்தம் 8 மட்டும் குறைந்தது.

இணையக் கடையில் மாதாந்திர ஏற்பாட்டை மகன் என் முன்னாலேயே நிறுத்தினார். மிஞ்சிய மருந்துகளின் பெயரை, கடைப் பெயர் அல்லாமல் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை, ஒரு தாளில் பெரிதாக எழுதி அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினோம். அதன் படம் மகன் கைபேசியிலும் இருக்கிறது. இனி எந்த டாக்டரிடம் போனாலும் அந்தத் தாளும் கூடப் போகும்.

இரவுக்குச் சில ஏற்பாடுகள். கட்டிலருகே ஒரு சிறுநீர்க் குடுவை. சார் முதலில் மறுத்தார். மூடியிருப்பதைக் காட்டிய பிறகு சம்மதித்தார். தாழ்வாரத்தில் இரவெல்லாம் எரியும் ஒரு சிறு விளக்கு. அம்மாவின் கைபேசி இனி கூடத்தில் அல்ல, தலைமாட்டில் சார்ஜாகும். வாசல் சாவியின் மறு பிரதி எதிர்வீட்டில். சாவியைக் கொடுக்க மகனோடு நானும் போனேன். அந்த வீட்டுப் பெண், "குழந்தைக்காக ராத்திரி இரண்டு மணிக்கு நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன் அண்ணா, அத்தை ஒரு குரல் கொடுத்திருக்கலாமே" என்றார். அம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

ஆம்புலன்சுக்கு 108 எல்லோருக்கும் தெரியும். முதியோர் உதவி எண் 14567 பலருக்குத் தெரியாது. காலை எட்டு முதல் இரவு எட்டு வரை தமிழில் பேசலாம். அதையும் அந்தத் தாளிலேயே எழுதினோம். ஆனால் அது ஆலோசனைக்கும் வழிகாட்டுதலுக்கும்தான். நள்ளிரவில் கதவைத் திறக்கப் பக்கத்து மனிதர்தான் வேண்டும்.

கடைசியாகத் தொலைபேசி. தாயும் மகனும் என் அறையில் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். அம்மா நடந்ததை நடந்த அன்றே சொல்வார். மகன் அதைக் கேட்டு அன்றைக்கு டிக்கெட் எடுக்க மாட்டார், அழ மாட்டார். எதிர்வீட்டுக்கும் எனக்கும் ஒருமுறை பேசிவிட்டு, மறுநாள் வழக்கமான நேரத்தில்தான் அழைப்பார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் காலை அழைப்புக்குப் பதில் நம் நேரம் மாலை ஆறரைக்கு, அவருக்குக் காலை எட்டு மணிக்கு, வீடியோவில் பேசுவார். வீங்கும் கால் வீங்கியிருப்பதும், களைத்த முகம் களைத்திருப்பதும் அப்போதுதான் தெரியும். "நன்றாக இருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான் உண்டு. அதனால் "நேற்று ராத்திரி எத்தனை தடவை எழுந்தீர்கள் அப்பா?" என்று கேட்கச் சொன்னேன். சார் கணக்கு வாத்தியார். எண்ணிக்கை கேட்டால் பொய் சொல்ல வராது.

மிஞ்சுவது

வேலையை விடும் யோசனையை மகன் ஒத்திவைத்தார். அமெரிக்கா பற்றிச் சார் ஒரே வரியில் முடித்தார்: "வருகிறவர் விசாவில் ஆறு மாதம் உன் வீட்டுச் சன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பேன். இங்கே வாசலில் நின்றால் பத்துப் பேர் சார் என்று கூப்பிடுவார்கள்."

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் எழுத மாட்டேன். இந்த ஏற்பாடு இருவரில் ஒருவர் எழுந்து நடமாடும்வரைதான் தாங்கும். அம்மாவின் முழங்கால் மோசமானாலோ, சாருக்கு நினைவு தடுமாறத் தொடங்கினாலோ, குடுவையும் சாவியும் போதாது. அப்போது யாராவது ஒருவர் இடம் மாறத்தான் வேண்டும். எது நடந்தால் எதைச் செய்வது என்று அவர்கள் மூவரும் இப்போதே பேசி வைத்திருக்கிறார்கள். சாயங்கால வேளையின் வெறுமைக்கும் என்னிடம் சீட்டு இல்லை.

நவம்பரில் அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. அன்றே மகனிடம் சொன்னார். அவர் எனக்கு ஒருமுறை போன் செய்தார், எதிர்வீட்டுக்கு ஒருமுறை. அவ்வளவுதான். அன்று இரவு அவர் தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது.

இந்த ஜனவரியிலும் மூன்று வாரம் வந்திருந்தார். சென்னைக்குப் போகவில்லை. எங்கும் போகவில்லை. கிளம்பும் முன் என்னைப் பார்க்க வந்தவர் ஒரு சிறு நோட்டைக் காட்டினார். ஐந்தாம் நாளில் எழுதியிருந்தார்: அம்மா கொல்லைப் படியில் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டு இறங்குகிறாள். எட்டாம் நாள்: இருவரும் இரவில் சமைப்பதில்லை, பொரியில் மோர் ஊற்றிச் சாப்பிடுகிறார்கள், நான் வந்ததால்தான் ஒரு வாரம் தோசை.

"14 வருஷமாகப் பேசியிருக்கிறேன் டாக்டர். இது எனக்குத் தெரியாது" என்றார். படிக்குக் கைப்பிடி வைக்கக் கொத்தனாரிடம் சொல்லியாகிவிட்டதாம். இரவுச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று இருவரும் உட்கார்ந்து யோசித்தோம். மயிலாடுதுறைக்குப் போகும் பஸ்ஸுக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.